கிரகப்பிரவேசச் சாமான் பட்டியல்: எவ்வளவு வாங்குவது, யார் வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாட்டு மருந்துக் கடை நடத்துபவனிடம் முகூர்த்த மாதங்களில் பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான் வரும். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி வழக்கம் மாறும் என்பதால் கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன். அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு. அதிகாலையில் கணபதி, நவக்கிரக, லட்சுமி ஹோமங்கள். சாஸ்திரிகளும் உதவிக்கு ஒருவரும் வருகிறார்கள். காலை டிபனுக்கு 60 பேர், சமையல் வெளி ஆள் பொறுப்பு. உங்கள் வீட்டு விசேஷம் இதைவிடப் பெரிதோ சிறிதோ, அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஐயர் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டார். அதை அப்படியே வாங்கினால் போதாதா?

போதாது. அவர் பட்டியலில் பூஜைக்கு வேண்டியது இருக்கும், பூஜை நடக்க வேண்டியது இருக்காது. வீட்டில் எப்போதும் இருக்கும் சாமான்தானே என்று அவர் எழுதாமல் விட்டிருப்பார். ஆனால் நீங்கள் போய் உட்காரப்போவது காலி வீட்டில். தேங்காய் இருக்கும், உடைக்க அரிவாள் இருக்காது. விளக்கு இருக்கும், தீப்பெட்டி பழைய வீட்டு அடுப்பங்கரையில் இருக்கும்.

அதனால் ஐயர் பட்டியலுக்குப் பக்கத்தில் 'காலி வீட்டுப் பட்டியல்' என்று இன்னொன்று எழுதுங்கள். தீப்பெட்டி 2, கத்தி, தேங்காய் உடைக்க அரிவாள், கத்தரிக்கோல், பனையோலை விசிறி, பஞ்சுத் திரி ஒரு பாக்கெட், தாம்பாளம் 5, சின்னக் கிண்ணமோ தொன்னையோ 20, சொம்பு 2, பஞ்சபாத்திரம் உத்தரணி, மணைப்பலகை 2, கோலமாவு, வாளி, துடைக்க நாலைந்து பழைய துணி, குப்பைப் பை. அப்புறம் ஒரு ரூபாய்க் காசு ஐம்பது. கலசத்தில் போட, வெற்றிலை பாக்கோடு வைக்க, பூசணிக்காய்க்குள் போட என்று காசு கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் எல்லார் கையிலும் 500 ரூபாய் நோட்டுதான் இருக்கும்.

இந்தப் பட்டியலை ஒரே ஆளிடம் கொடுங்கள். இதில் கடையில் வாங்குவது பாதிதான், மீதி பழைய வீட்டிலிருந்து எடுத்துப் போவது. முதல் நாள் சாயங்காலமே ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுப் புது வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்.

சாமான் எல்லாம் தானே கொண்டு வந்துவிடுவதாக சாஸ்திரிகள் சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆனால் 'எல்லாம்' என்பதில் எது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக அவர் கொண்டுவருவது சமித்து, வரட்டி, தர்ப்பை, ஹோமத் திரவியப் பொட்டலம், பூர்ணாஹுதிச் சாமான், நூல்கண்டு, நெய் விடும் மரக்கரண்டி இவ்வளவும். பூ, பழம், தேங்காய், வெற்றிலை, பால், வேட்டி, புடவை, பாத்திரம் ஆகியவற்றை அநேகமாக உங்கள் பொறுப்பில் விட்டுவிடுவார். இரண்டுக்கும் நடுவில் தொங்குபவை நெய், கலசச் செம்பு, செங்கல், கலசத் துணி. நீங்கள் கொண்டுவருவீர்கள் என்று அவர் இருப்பார், அவர் கொண்டுவருவார் என்று நீங்கள் இருப்பீர்கள். இந்த நான்கையும் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. எத்தனை கலசம் வைப்பார் என்பதையும் கூடவே கேளுங்கள். தேங்காய், அரிசி, துணி எல்லாவற்றின் கணக்கும் அதில்தான் நிற்கிறது.

சரி, மூன்று கலசம் என்று சொல்கிறார். என்னென்ன எவ்வளவு வாங்கவேண்டும்?

தேங்காயிலிருந்து தொடங்கலாம். கலசத்துக்கு 3. பிள்ளையாருக்கும் ஒவ்வொரு ஹோமத்துக்கும் ஒன்று வீதம் உடைக்க 4. வாசலில் உடைக்க 1. கோபூஜை தட்டுக்கு 1. ஆக 9. உடைத்தால் அழுகலாக இருப்பது ஒன்றிரண்டு வரும் என்பதால் 12 ஆக வாங்குங்கள். கலசத்துக்கான மூன்றும் குடுமியோடு, உருண்டையாக, செம்பின் வாயில் உட்காருகிற அளவில் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் சொன்னால் தனியாகப் பொறுக்கித் தருவார். நவக்கிரகத்துக்கு ஒன்பது கலசம் வைக்கிறவர் என்றால் எட்டு தேங்காய் கூடும். தாம்பூலத்துக்குத் தேங்காய் கொடுப்பதாக இருந்தால் அது தனிக் கணக்கு, இதோடு சேர்க்காதீர்கள்.

பச்சரிசி 5 கிலோ. ஒவ்வொரு கலசத்துக்கும் கீழே வாழையிலையில் பரப்ப ஒரு கிலோ, மீதி அட்சதைக்கும் நைவேத்தியத்துக்கும். கலசத்துக்குச் சுற்ற ரவிக்கைத் துணி 3. மாவிலை ஒரு கொத்து நிறைய, தோரணத்துக்கும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

மஞ்சள்தூள், குங்குமம் இரண்டும் 100 கிராம் போதும். 250 கிராம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். மூன்று ஹோமம் முடிந்தும் அதில் பாதிக்குமேல் மிஞ்சும். சந்தனத்தூள் 50 கிராம், விபூதி சின்னப் பொட்டலம், கற்பூரம் 50 கிராம், ஊதுபத்தி ஒரு பாக்கெட், எலுமிச்சை 10, வாழைப்பழம் இரண்டு சீப்பு, மற்ற பழங்கள் ஐந்து வகையில் இரண்டிரண்டு. வெல்லம் அரைக் கிலோ, அவல், பொரி கால் கிலோ வீதம், தேன் சின்னப் பாட்டில், கற்கண்டு 100 கிராம். அருகம்புல்லையும் துளசியையும் பூக்காரம்மாவிடமே சொல்லிவைக்கலாம்.

நெய் எவ்வளவு? பூஜை நெய் என்று மலிவாக விற்கிறார்களே, அது போதுமா?

மூன்று ஹோமத்துக்கு ஒரு கிலோ. ஒரே ஒரு கணபதி ஹோமம் என்றால் கால் முதல் அரைக் கிலோவில் முடிந்துவிடும். விளக்குக்கு நல்லெண்ணெய் அரை லிட்டர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

'பூஜை நெய்', 'தீப நெய்' என்று வருகிற டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் 'உண்பதற்கல்ல' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். எங்கள் கடையிலும் அது இருக்கிறது. கேட்டு வாங்குகிறவர்களுக்கு விளக்கேற்றத்தான் என்று சொல்லித்தான் கொடுக்கிறோம். ஹோமத்தில் விட ஐயர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், புகையும் கண்ணை எரிக்கும். இதைவிடப் பெரிய சங்கடம், சர்க்கரைப் பொங்கல் கிளறுகிறவர் பக்கத்திலிருக்கும் டப்பாவை எடுத்து ஊற்றிவிடுவது. அதனால் வீட்டுக்குள் சாப்பிடுகிற நெய் ஒன்றே போதும்.

நவதானியம் ஒரு பாக்கெட் வாங்கிவிட்டேன். சரிதானே?

இல்லை என்றுதான் பெரும்பாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடையில் தொங்கும் பாக்கெட்டில் ஒன்பதும் கலந்திருக்கும். அது பாலிகை தெளிக்கவோ கலசத்தடியில் போடவோ ஆகும். நவக்கிரக பூஜைக்கு ஒவ்வொரு கிரகத்துக்கும் அதனதன் தானியத்தைத் தனித்தனியாகக் கும்பலாக வைத்து, மேலே அந்த நிறத் துணியைப் போடுவார்கள். கலந்த பாக்கெட்டைப் பார்த்ததும் ஐயர் முகம் மாறும். பிறகு வீட்டுப் பெண்கள் நாலு பேர் முறத்தை வைத்துக்கொண்டு மொச்சையையும் கொள்ளையும் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

கோதுமை, நெல் அல்லது பச்சரிசி, துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு. இதே வரிசைதான் சூரியனில் தொடங்கிக் கேது வரை. 'ஒன்பதும் தனித்தனிப் பொட்டலமாக, கால் கிலோ வீதம்' என்று கேளுங்கள். எள் மட்டும் 100 கிராம் போதும். துவரையும் உளுந்தும் முழுசாக, தோலோடு இருக்க வேண்டும், உடைத்த பருப்பு வேண்டாம். நவக்கிரக வஸ்திரம் என்று கேட்டால் ஒன்பது துண்டும் ஒரே கட்டாகக் கிடைக்கும்.

சமித்திலும் இதே கதைதான். கணபதி ஹோமத்துக்கு அரசங்குச்சிக் கட்டு ஒன்று போதும். நவக்கிரகத்துக்கு எருக்கு, முருக்கு, கருங்காலி, நாயுருவி, அரசு, அத்தி, வன்னி, அறுகு, தர்ப்பை என்று ஒன்பது. இதை 'நவக்கிரக சமித்து' என்று கட்டாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம். தனித்தனியாகத் தேடினால் கருங்காலியிலும் வன்னியிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

புது டைல்ஸ் தரையில் ஹோமம் வளர்த்தால் ஏதாவது ஆகுமா?

ஆகும். வெறும் தரையில் செங்கல்லை அடுக்கித் தீ வளர்த்தால் சூட்டில் டைல்ஸ் விரியும், சில சமயம் மேலே கிளம்பிவரும். கிரானைட்டில் நெய்க் கறை ஏறினால் லேசில் போகாது. முதலில் தகரத் தாளோ பழைய பலகையோ போட்டு, அதன்மேல் நாலு விரற்கடை உயரத்துக்கு மணல் பரப்பி, அதற்குமேல் செங்கல் அடுக்க வேண்டும். இதற்கு மணல் மூன்று சட்டி, செங்கல் 20. செங்கல் புதிதாக, காய்ந்ததாக இருக்கட்டும். ஈரக் கல் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். கால் வைத்த இரும்பு ஹோமகுண்டம் வாடகைக்குக் கிடைத்தால் வேலை மிச்சம், அதற்கடியிலும் மணல் வேண்டும்.

மணலும் செங்கல்லும் கட்டட வேலை நடந்த இடத்திலேயே கிடக்கும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். வீட்டை ஒப்படைக்கிற வாரத்தில் பில்டர் அதைத்தான் முதலில் வாரிக் கொண்டுபோவார். இரண்டு நாள் முன்பே காவலாளியிடம் சொல்லி ஒரு மூட்டை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். புகை உணர்கருவி உள்ள கட்டடம் என்றால் சங்கச் செயலாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காலை ஐந்து மணிக்கு அது அலறினால் மொத்தக் குடியிருப்பும் உங்கள் வாசலில் நிற்கும்.

பெண் வீட்டுச் சீரில் என்ன வரும், நாங்கள் என்ன வாங்க வேண்டும்? கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

கேட்காமல் விட்டால் இரண்டு குத்துவிளக்கு வரும், பால் பாத்திரம் ஒன்றுகூட வராது. பல குடும்பங்களில் வீட்டு அம்மாவின் பிறந்த வீட்டார் தம்பதிக்கு வேட்டி, புடவை, மாலை, விளக்கு, பால் காய்ச்சும் பாத்திரம், வரிசைத் தட்டுகள் எல்லாம் கொண்டுவருவார்கள். சில இடங்களில் நிறைகுடமும் முதல் நாள் மளிகையும் அவர்களுடையது. சில வீடுகளில் இப்படி ஒரு வழக்கமே கிடையாது. எதிர்பார்த்து உட்காருவதும் தப்பு, அவர்கள் ஆசையாகக் கொண்டுவருவதை நாமே முந்தி வாங்கிவிடுவதும் தப்பு.

கேட்கும் பொறுப்பை மாப்பிள்ளையிடம் விடாதீர்கள். அது சீர் கேட்டதாகிவிடும். மகள் தன் அம்மாவிடம், "அம்மா, விளக்கு நீங்க எடுக்கிறீங்களா, இல்ல நாங்க வாங்கிக்கட்டுமா? ரெண்டாயிடக் கூடாதுன்னுதான் கேக்கறேன்" என்று கேட்டால் யாருக்கும் மனசு கோணாது.

நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் வேலையை இப்படிப் பிரித்தார்கள்:

- வீட்டுக்காரரும் மனைவியும்: சாமி படம், மளிகை, பூஜைச் சாமான், நெய், தேங்காய், சாஸ்திரிகளுக்கு வேட்டி துண்டு, தட்சிணை.
- மனைவியின் பெற்றோர்: தம்பதிக்கு உடை, மாலை, குத்துவிளக்கு, பால் பாத்திரம், நிறைகுடம்.
- வீட்டுக்காரரின் அக்கா: தாம்பூலப் பை, ஆரத்தித் தட்டு, கோலம்.
- மனைவியின் தம்பி: மணல், செங்கல், வாழைக்கன்று 2, வாழையிலை, பூசணிக்காய், பூ, விடிகாலைப் பால், மாட்டுக்காரரை அழைத்து வருவது.
- பெரியப்பா மகன்: காலி வீட்டுப் பெட்டி, கூடவே சில்லறைக் காசு.

ஒரு சாமானுக்கு நேராக ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். 'நாங்க பாத்துக்கறோம்' என்று சொன்னவர் பெயரை எழுதுங்கள், 'நாங்க' என்று எழுதாதீர்கள். வயதான அத்தைக்கோ சித்தப்பாவுக்கோ ஒன்றும் ஒதுக்காமல் விட்டுவிடாதீர்கள். உப்பும் மஞ்சளும் அவர்கள் கையால் வரட்டும்.

பால் காய்ச்ச எவ்வளவு பால்? எந்தப் பாத்திரம்?

பொங்கவிடுவதற்கு ஒரு லிட்டர். பாத்திரம் ஒன்றேகால் லிட்டர் கொள்கிறதாக இருந்தால் பால் சீக்கிரம் விளிம்புக்கு வரும். மூன்று லிட்டர்ப் பாத்திரத்தில் ஒரு லிட்டரை ஊற்றினால் எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், அது பொங்கவே பொங்காது. பூஜைக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் அரை லிட்டர் தனி. காபிக்கான பால் சமையல்காரர் கணக்கு, இதைத் தொடவிடாதீர்கள்.

அடுப்புதான் இதில் சிக்கல். புது வீட்டுக்கு எரிவாயு இணைப்பு இன்னும் மாறியிருக்காது, இண்டக்‌ஷன் அடுப்பை எடுத்துப்போகலாம் என்பார்கள். சீராக வந்திருப்பதோ பித்தளைப் பாத்திரம். பித்தளை, செம்பு, வெண்கலம், அலுமினியம் எதுவும் சாதாரண இண்டக்‌ஷனில் சூடேறாது. பாத்திரத்தின் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால்தான் ஆகும். பித்தளையில்தான் காய்ச்ச வேண்டும் என்றால் சின்ன சிலிண்டர் அடுப்புக்கு முதல் நாளே ஏற்பாடு செய்து, பற்றவைத்தும் பார்த்துவிடுங்கள்.

பூ எப்போது வாங்குவது?

முகூர்த்த நாளென்றால் பூ விலை ஏறும், காலையில் கேட்ட பூ கிடைக்காமலும் போகும். மூன்று நாள் முன்பு சொல்லிவைத்து, முதல் நாள் ராத்திரி எடுத்துக்கொள்ளுங்கள். உதிரிப் பூ ஒரு கிலோ, கட்டின பூ 15 முழம், நிலைமாலை 1, படங்களுக்குச் சின்ன மாலை வேண்டிய அளவு. புது வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்காது. ஈரத் துணியில் சுற்றி மூங்கில் கூடையில் வைத்தால் காலைவரை தாங்கும். பிளாஸ்டிக் பையில் முடிந்துவைத்தால் மல்லிகை வெந்து பழுப்பாகிவிடும்.

வெற்றிலையும் அப்படியே, ஈரத் துணி. கவுளி என்று கேட்காமல் எண்ணிக்கை சொல்லி வாங்குங்கள்.

60 பேருக்கு 60 தாம்பூலப் பை போட வேண்டுமா?

வேண்டாம். குடும்பத்துக்கு ஒன்று என்று வைத்தால் 25 பை, தனியாக வரும் பெண்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் 15. ஆக 40. ஒரு பைக்கு வெற்றிலை 2, பாக்கு 2, மஞ்சள் குங்குமப் பொட்டலம், பழம் அல்லது தேங்காய், முடிந்தால் ரவிக்கைத் துணி. வெற்றிலை இதற்கு 80, பூஜைக்கு 50, கிழிசல் கழிய 20. மொத்தம் 150.

ஹோமம் எல்லாம் இல்லை, பால் மட்டும் காய்ச்சிக் குடிபோகிறோம். என்ன வேண்டும்?

சாமி படம், விளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, வெல்லம், ஒரு லிட்டர் பால், தேங்காய் 3, வெற்றிலை பாக்கு, பழம், நாலு முழம் பூ, கற்பூரம். வாடகை வீட்டுக்கும் இதே போதும். காலி வீட்டுப் பெட்டியை மட்டும் மறக்க வேண்டாம்.

மாடு லிஃப்டில் ஏறுமா?

ஏற்றாதீர்கள். வழுக்கும் டைல்ஸில் பசு மிரளும், அதற்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. கீழே வாசலிலேயே கோபூஜையை முடித்துக்கொள்ளலாம். அகத்திக்கீரை இரண்டு கட்டு, பழம் ஒரு சீப்பு, துண்டு ஒன்று, மாட்டுக்காரருக்குத் தனியாகப் பணம்.

திருஷ்டிப் பூசணிக்காயை எங்கே உடைப்பது?

சாம்பல் பூசணி ஒன்று, மூன்று நாலு கிலோவில் போதும். நடுரோட்டில் உடைக்க வேண்டாம். அந்தச் சதையில் இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் சறுக்கி விழுகிறார்கள். வாசலோரமாக உடைத்து, உள்ளே போட்ட காசைப் பிள்ளைகள் பொறுக்கியதும் துண்டுகளை அள்ளிவிடுங்கள். அதற்காகத்தான் அந்தப் பெட்டியில் குப்பைப் பை.

மிஞ்சின சாமானை என்ன செய்வது?

பிரிக்காத பொட்டலங்களைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் வாங்கும்போதே கேட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு வாரத்துக்குள் வந்தால் எடுத்துக்கொள்வோம், சில கடைகளில் மாட்டார்கள். நவக்கிரகத் தானியத்தையும் துணியையும் பல இடங்களில் சாஸ்திரிகளுக்கே கொடுப்பது வழக்கம், முதலிலேயே கேட்டுக்கொண்டால் அவரும் பை கொண்டுவருவார். கலசத்து அரிசியும் தேங்காயும் வீட்டுக்கு. அந்த வாரத்திலேயே பாயசமோ பொங்கலோ வைத்துவிடுங்கள், ஈரம் பட்ட அரிசி சீக்கிரம் பூசணம் பிடிக்கும். ஹோமச் சாம்பலை மறுநாள்தான் அள்ள வேண்டும். மேலே ஆறியதுபோல் இருந்தாலும் வரட்டியின் உள்ளே கனல் ராத்திரி முழுக்க இருக்கும், பிளாஸ்டிக் வாளியில் அள்ளினால் அடி ஓட்டையாகிவிடும்.